ஒரு நாள் லீவு லெட்டர்: "22 முதல் 25 வரை" என்று எழுதலாமா?

கடலூர் தாய்மாமன் | 18.08.2025, இரவு 9.40

அக்கா மகளுக்கு வர்ற வெள்ளிக்கிழமை திருவந்திபுரத்தில் காதுகுத்து. நான்தான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். என் பையன் 7 ஆம் வகுப்பு, அவனும் வந்தாகணும். வெள்ளி ஒரே நாள்தான் லீவு. சனி, ஞாயிறு அவர்கள் பள்ளிக்கு விடுமுறை. திங்கள் போய்விடுவான்.

தலைமையாசிரியருக்குக் கடிதத்தில் "22.08.2025 முதல் 25.08.2025 வரை" என்று எழுதட்டுமா என்று கேட்கிறான். எனக்கு அதில் பயம் இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் அவனுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. 25.06.2025 புதன் ஒரு நாள். நான் அவசரத்தில் "25 முதல் 26 வரை" என்று எழுதிக் கொடுத்தேன். 26 காலை வந்துவிடுவான் என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். வகுப்பாசிரியர் இரண்டு நாள் லீவு என்று எடுத்துக்கொண்டு வருகைப்பதிவேட்டில் வியாழனுக்கும் முன்கூட்டியே குறித்துவிட்டார். வியாழன் காலை இவன் போய் நின்றால், "லீவு போட்டுட்டு ஏன்டா வந்த?" என்று கேட்டிருக்கிறார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். அவன் மேல் தப்பே இல்லை, என் "வரை"தான் தப்பு. இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

-----

வில்லியனூர் எழுத்தர் | 18.08.2025, இரவு 10.15

நான் அரசு அலுவலகத்தில் விடுப்புக் கோப்பு பார்க்கிறவன். எங்களிடம் "முதல்... வரை" என்றால் இரண்டு முனையும் உள்ளே. 25 முதல் 26 வரை என்றால் இரண்டு நாள்தான், வகுப்பாசிரியர் சரியாகத்தான் செய்திருக்கிறார். 22 முதல் 25 வரை என்று எழுதினால் திங்களும் லீவில் போய்விடும். அப்படி எழுதாதீர்கள்.

இன்னொன்று. லீவுக்குப் பின்னால் சனி, ஞாயிறு வருகிறது. அந்த இரண்டு நாளையும் பின்னிணைப்பாக அனுபவிக்க அனுமதி வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மூன்று நாள் லீவாகக் கணக்கு வைப்பார்கள்.

-----

கடலூர் தாய்மாமன் | 18.08.2025, இரவு 10.31

மூன்று நாளா? சனி, ஞாயிறு பள்ளியே கிடையாதே சார்.

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 19.08.2025, காலை 6.10

தம்பி, எழுத்தர் சார் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி உங்கள் பையனுக்குப் பொருந்தாது. முன்னிணைப்பு, பின்னிணைப்பு எல்லாம் சம்பளம் வாங்குகிற எங்களுக்கு. மாணவன் வருகை பள்ளி நடந்த நாளுக்குத்தான். பள்ளி நடக்காத சனிக்கும் ஞாயிறுக்கும் பதிவேட்டில் குறிக்கவே எதுவும் இல்லை. அந்த வரியைச் சேர்த்தால் வகுப்பாசிரியர் குழம்புவார், வேறு பயன் இல்லை.

32 வருடம் வகுப்பில் இந்தக் கடிதங்களை வாங்கியிருக்கிறேன். அதை எப்போது படிப்போம் தெரியுமா? முதல் மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்று, பதிவேட்டைத் திறக்கிற அந்த ஒரு நிமிடத்தில். கண் தேடுவது இவ்வளவுதான்: யார், எந்தப் பிரிவு, எந்த நாள், எத்தனை நாள், எப்போது வருவான், வீட்டில் கையெழுத்து போட்டிருக்கிறார்களா. காய்ச்சலா காதுகுத்தா என்று பிறகு நிதானமாகப் படித்துக்கொள்வோம்.

அதனால் ஒரு நாள் லீவுக்கு "முதல்", "வரை" இரண்டுமே வேண்டாம். தேதி எழுதுங்கள், பக்கத்தில் கிழமை எழுதுங்கள், பிறகு "ஒரு நாள் மட்டும்" என்று எழுதுங்கள். கிழமையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தேதியைத் தப்பாக எழுதுவார்கள், கிழமையைத் தப்பாக எழுத மாட்டார்கள். "21.08 வெள்ளிக்கிழமை" என்று ஒரு கடிதம் வந்தால் எனக்கு உடனே தெரியும், ஏதோ ஒன்று இடிக்கிறது என்று. கூப்பிட்டுக் கேட்பேன். வெறும் 21 என்று மட்டும் இருந்தால் 21 க்கே குறித்துவிட்டுப் போயிருப்பேன்.

வருகிற தேதி தனி வாக்கியமாக இருக்கட்டும். லீவு தேதியோடு ஒரே வாக்கியத்தில் கோக்காதீர்கள். உங்களுக்கு ஜூனில் நடந்தது அதனால்தான்.

-----

பாகூர் அம்மா | 19.08.2025, காலை 11.20

டீச்சர் சொன்ன "வருகிற தேதி" விஷயத்தில் நான் நன்றாகப் பட்டவள். எங்கள் வீடு பாகூர். பெரியவள் கடலூரில் படிக்கிறாள், சின்னவன் புதுச்சேரியில். முள்ளோடையைத் தாண்டினால் விடுமுறைப் பட்டியலே மாறும்.

2023 இல் அக்டோபர் 31 செவ்வாய் ஒரு நாள் இரண்டு பேருக்கும் லீவு எடுத்தோம், மாமியார் ஊருக்குப் போக. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், சின்னவனுக்கு விடுமுறை. அதனால் அவன் கடிதத்தில் "02.11.2023 வியாழக்கிழமை வருவான்" என்று எழுதினேன். அது சரி. பெரியவளுக்கும் அதையே பார்த்து எழுதிவிட்டேன், பெயரையும் வகுப்பையும் மட்டும் மாற்றி. தமிழ்நாட்டில் நவம்பர் 1 புதன்கிழமை பள்ளி உண்டு! நாங்கள் செவ்வாய் இரவே திரும்பிவிட்டோம், அவளும் புதன் பள்ளிக்குப் போனாள். ஆனால் கடிதத்தில் ஒரு நாள் லீவு என்றும் இருக்கிறது, வியாழன் வருவாள் என்றும் இருக்கிறது. நடுவில் புதன் எங்கே போனது என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான்.

இந்த வருடம் ஆகஸ்ட் 16 எங்களுக்குச் சட்டப்படி பரிமாற்ற நாள் விடுமுறை. அன்றைக்கே கிருஷ்ண ஜெயந்தியும் வந்ததால் கடலூரிலும் விடுமுறை. அதனால் தப்பித்தோம்.

-----

முதுநகர் நடைபயணி | 19.08.2025, மதியம் 1.05

வேளாங்கண்ணிக்கு நடக்க லீவு கேட்பதற்கும் இதே மாதிரிதானா? 29 வெள்ளி கொடியேற்றம், அதற்குள் போய்ச் சேரணும். மகள் 9 ஆம் வகுப்பு. நடுவில் 27 விநாயகர் சதுர்த்தி விடுமுறை வேறு. மொத்தம் எத்தனை நாள் எழுதணும்?

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 19.08.2025, மாலை 4.50

ஐயா, இது ஒரு நாள் லீவுக்கான பேச்சு. உங்களுடையது பல நாள். அதற்கு "முதல்... வரை" கண்டிப்பாக வேண்டும். முதல் நாள், கடைசி நாள் இரண்டுமே பள்ளி நடக்கிற நாளாக எழுதுங்கள், நடுவில் வரும் 27 ஐக் கழித்து நாள் எண்ணிக்கை போடுங்கள். 9 ஆம் வகுப்புப் பிள்ளையை அத்தனை நாள் நிறுத்துவதா என்பதைத் தலைமையாசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள், கடிதம் மட்டும் அனுப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

-----

கடலூர் தாய்மாமன் | 20.08.2025, காலை 7.15

நேற்று ராத்திரி பையனையே எழுத வைத்தேன். சமையலறை மேடையில் நோட்டை வைத்து, கோடு போட்ட தாளைக் கிழித்து எழுதினான். முதல் தடவை கீழே "நாள்: 22.08.2025" என்று போட்டுவிட்டான். லீவு அன்றைக்குத்தானே என்கிறான். கீழே வருவது கடிதம் எழுதிய தேதி, அதில் 22 போட்டால் அன்றைக்கே கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லித் திரும்ப எழுத வைத்தேன். இன்றைக்குக் கொடுக்கப் போவதால் இன்றைய தேதி. ஆக, ஒரு கடிதத்தில் மூன்று தேதி. அவன் எழுதியது இப்படி:

அனுப்புநர்: (அவன் பெயர்), 7 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், (பள்ளியின் பெயர்), கடலூர்

வழி: வகுப்பாசிரியர் அவர்கள்

ஐயா,

பொருள்: 22.08.2025 வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்.

வணக்கம். என் அத்தை மகளின் காதணி விழா திருவந்திபுரத்தில் நடைபெற உள்ளது. அதில் கலந்துகொள்ள 22.08.2025 வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

25.08.2025 திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் வகுப்புக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்

பெற்றோர் கையொப்பம்

இடம்: கடலூர்
நாள்: 20.08.2025

பார்த்துச் சொல்லுங்கள். எட்டே காலுக்குக் கிளம்பிவிடுவான்.

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 20.08.2025, காலை 7.32

நன்றாக எழுதியிருக்கிறான். ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். "பள்ளி திறந்ததும்" வேண்டாம். பள்ளி எப்போது திறக்கும் என்பது நம் கையில் இல்லை. "25.08.2025 திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வருவேன்" போதும்.

-----

வில்லியனூர் எழுத்தர் | 20.08.2025, காலை 9.05

பின்னிணைப்பு விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ஊழியர் விதியை மாணவனுக்குப் போட்டுவிட்டேன். ஆனால் "பள்ளி திறக்கும் நாள்" என்பதை நான் விட மாட்டேன். வெள்ளி லீவு, திங்கள் வருகிறான் என்றால் நடுவில் இரண்டு நாள் என்ன ஆயிற்று என்று படிக்கிறவருக்குத் தோன்றும். "விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் 25.08.2025 திங்கட்கிழமை" என்று எழுதினால் கேள்விக்கே இடமில்லை. பாகூர் அம்மாவுக்கு அந்த வார்த்தை இருந்திருந்தால் தப்பு எழுதும்போதே பிடிபட்டிருக்கும். கடலூரில் புதன் பள்ளி திறந்திருக்கிறதே என்று பேனா நின்றிருக்கும்.

-----

பாகூர் அம்மா | 20.08.2025, காலை 10.40

அது உண்மைதான் சார். நான் விடுமுறைப் பட்டியலைப் பார்க்காமல் எழுதினேன். பார்க்க வைத்திருக்கும்.

-----

பத்தாவது, லாஸ்பேட்டை | 20.08.2025, மாலை 6.20

எங்கள் பள்ளி இப்போ சிபிஎஸ்இ. 75 சதவீதம் வருகை இல்லையென்றால் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். லெட்டர் கொடுத்துவிட்டால் அந்த நாள் கழியாதுதானே?

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 20.08.2025, இரவு 8.15

கழியும் கண்ணு. கடிதம் கொடுத்தாலும் நீ அன்றைக்கு வகுப்பில் இல்லை, வருகை நாளில் அது சேராது. சொல்லாமல் நின்ற நாளா, சொல்லிவிட்டு நின்ற நாளா என்பதைத்தான் கடிதம் காட்டும். பின்னால் வருகை குறைந்து காரணம் கேட்கும்போது கையில் அது இருக்க வேண்டும். ஒரு நாளால் 75 க்குக் கீழே போய்விட மாட்டாய். இப்படி ஒரு நாள், ஒரு நாளாக நிறைய சேர்ந்தால்தான் தொல்லை.

-----

கடலூர் தாய்மாமன் | 21.08.2025, மாலை 6.55

ஒரு சிக்கல். கடிதம் நேற்றே கொடுத்தாயிற்று, வகுப்பாசிரியர் வாங்கிப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார். இன்றைக்கு மாலை வகுப்புக் குழுவில் செய்தி: "23.08.2025 சனிக்கிழமை முழு வேலைநாள்." இதற்கு முன்னால் சொல்லவே இல்லை.

இப்போது எங்கள் கடிதம் என்ன சொல்கிறது? வெள்ளி ஒரு நாள் மட்டும் லீவு, திங்கள் வருவேன். சனி எங்கேயும் இல்லை. பாகூர் அம்மாவின் புதன் மாதிரி எங்களுக்கு ஒரு சனி. வெள்ளி மாலைக்குள் விழா முடிந்துவிடும், சனி அனுப்ப முடியும். அக்கா மட்டும் இரண்டு நாள் தங்கச் சொல்கிறாள். கடிதத்தை வாங்கி 25 ஐ அடித்து 23 என்று எழுதிக் கொடுக்கலாமா?

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 21.08.2025, இரவு 7.10

அடிக்காதீர்கள். கொடுத்த கடிதம் கொடுத்ததுதான். அதில் தேதியை அடித்துத் திருத்தினால் யார் திருத்தினார்கள் என்று பின்னால் யாருக்கும் தெரியாது. பிள்ளைகளே அப்படித் திருத்திக் கொண்டுவந்ததை நான் பிடித்திருக்கிறேன், அதனால் அடித்தல் திருத்தல் இருந்தாலே எங்களுக்குச் சந்தேகம் வரும்.

புதிதாக நாலு வரி எழுதுங்கள். பழைய கடிதத்தின் தேதி அதில் இருக்கட்டும். நாளைக் காலை பையன் பள்ளிக்கு வரப்போவதில்லை, அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது அதே வகுப்பில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு இன்றிரவே அனுப்பிவிட்டு, தாளைச் சனிக்கிழமை அவனே கையில் கொண்டுபோகட்டும். தாளும் வேண்டும். செல்போனில் இருப்பது பதிவேட்டுக்குள் போகாது.

அக்கா வீட்டில் தங்குவதாக இருந்தால் அது வேறு. அப்போது "22.08.2025 வெள்ளி, 23.08.2025 சனி, இரண்டு நாள்" என்று புதிய விண்ணப்பம். எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

-----

கடலூர் தாய்மாமன் | 21.08.2025, இரவு 8.25

சனி அனுப்புகிறேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவளுக்கு. இந்தத் தடவை என் கையெழுத்திலேயே எழுதினேன்:

"20.08.2025 அன்று கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தில் என் மகன் 25.08.2025 திங்கட்கிழமை வகுப்புக்கு வருவான் என்று குறிப்பிட்டிருந்தோம். 23.08.2025 சனிக்கிழமை வேலைநாள் என்று இன்று அறிவிக்கப்பட்டதால், 23.08.2025 சனிக்கிழமை காலையே வகுப்புக்கு வருவான். விடுப்பு 22.08.2025 வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டுமே."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே திரும்பப் போட்டேன். ஜூனில் பட்டது இன்னும் போகவில்லை. படம் எடுத்து அனுப்பினேன், "சரி" என்று பதில் வந்தது.

-----

முதுநகர் நடைபயணி | 21.08.2025, இரவு 9.50

எங்கள் மகள் பள்ளியில் நேரில் போய்ப் பேசினேன். நடைபயணத்துக்கு இல்லை, கொடியேற்றத்தன்று ஒரு நாள் தருகிறேன் என்றார் தலைமையாசிரியர். அதனால் எங்களுக்கும் இப்போ ஒரு நாள் கடிதம்தான். 29.08.2025 வெள்ளி. சனி பள்ளி உண்டா என்று கேட்டுக்கொண்டு வருகிற தேதியை எழுதுகிறேன். நான் நடக்கிறேன், அவளும் அம்மாவும் பஸ்ஸில் வருவார்கள்.

-----

கடலூர் தாய்மாமன் | 23.08.2025, மாலை 5.30

காதுகுத்து நல்லபடி முடிந்தது. என் மடியில்தான் உட்கார்ந்தாள், முதல் காதுக்கு அழவே இல்லை, இரண்டாவது காதுக்கு என் சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டாள்.

இன்றைக்குக் காலை பையன் தூக்கக் கலக்கத்தோடு போனான், தாளைக் கொடுத்தான். வகுப்பாசிரியர் இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டாராம். வெள்ளிக்கு மட்டும் லீவு குறித்திருக்கிறது, சனிக்கு வருகை. வகுப்பில் 11 பேர் சனிக்கிழமை வரவில்லையாம், அவர்களுக்கும் செய்தி வியாழன் மாலைதான் போயிருக்கிறது. அவ்வளவு தாமதமாகச் சொன்னது எனக்கு இன்னும் வருத்தம்தான், திங்களன்று போய்க் கேட்கப் போகிறேன்.

-----

வில்லியனூர் எழுத்தர் | 23.08.2025, இரவு 8.00

பார்த்தீர்களா டீச்சர், சனி திறந்துவிட்டது. "பள்ளி திறக்கும் நாளில் வருவேன்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது கடிதமே தேவைப்பட்டிருக்காது.

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 23.08.2025, இரவு 8.20

தேதி போடாமல் அப்படி எழுதியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. "பள்ளி திறக்கும் 25" என்று நீங்கள் சொன்ன மாதிரி எழுதியிருந்தால் இதே கதைதான். தேதி இல்லாத கடிதத்தை நான் வாங்க மாட்டேன் சார்.

-----

பாகூர் அம்மா | 24.08.2025, காலை 9.15

டீச்சர், எனக்கு ஒன்று. செப்டம்பர் 4 வியாழன் பெரியவளுக்கு ஒரு நாள் லீவு வேண்டும், கண் டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறேன். 5 வெள்ளி மீலாது நபி விடுமுறை. 6 சனி பள்ளி உண்டா என்று கேட்டால், இன்னும் முடிவாகவில்லை, 3 ஆம் தேதி சொல்கிறோம் என்கிறார்கள். கடிதத்தை முன்னாடியே கொடுக்கச் சொல்கிறார்கள். வருகிற தேதி என்ன எழுதட்டும்?

-----

ஓய்வு டீச்சர், திருப்பாதிரிப்புலியூர் | 24.08.2025, காலை 9.40

லீவு: 04.09.2025 வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும். வருவது: "06.09.2025 சனிக்கிழமை வேலைநாளாக இருந்தால் அன்றும், இல்லையெனில் 08.09.2025 திங்கட்கிழமையும் வகுப்புக்கு வருவாள்." கொஞ்சம் நீளம்தான். இரண்டு தேதிக்கும் கிழமை போட்டுவிடுங்கள்.

-----

வில்லியனூர் எழுத்தர் | 24.08.2025, காலை 10.05

அதைத்தான் டீச்சர் நான் "பள்ளி திறக்கும் நாள்" என்று சொன்னேன்.